சேலத்துக்கு மட்டும் ஏன் இரவு 8 மணி?

சேலத்தில் மாலை மணி 6-40. லண்டனில் பகல் மணி 1-10. நியூயார்க்கில் காலை மணி 8-10.

மூன்றும் ஒரே நேரம்தான்!

சேலத்தில் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிறார். லண்டனில் ஒருவர் மதியச் சாப்பாட்டை முடிக்கிறார். நியூயார்க்கில் ஒருவர் இன்னும் ஆபீசுக்கே வந்து சேரவில்லை. ஆனால் மூவரும் செய்வது ஒரே வேலை. மூவரும் ஒரே குழு.

இப்படிப்பட்ட குழுக்கள் இன்று நம் சேலம், நாமக்கல் பக்கத்திலும் உண்டு. சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதித் தருபவர்கள், ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்ப்பவர்கள், கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இராசிபுரத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் உண்டு.

இவர்கள் மூன்று நாட்டுக்காரர்களோடு சேர்ந்து பேச வேண்டும். எப்போது பேசுவது? இதுதான் கேள்வி.

ஒரு படம் வருகிறது

வழக்கமாக நடப்பது இதுதான். குழுவில் ஒருவர் தம் செல்போனில் உலகக் கடிகாரத்தைத் திறக்கிறார். அதில் மூன்று ஊர்களின் நேரமும் வரிசையாகத் தெரியும். அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புகிறார். 'ஸ்கிரீன்ஷாட்' என்று சொல்கிறார்களே, அதுதான் இந்தப் படம். "இதைப் பார்த்து ஒரு நேரம் சொல்லுங்கள்" என்கிறார்.

படத்தைப் பார்த்து யாரோ ஒருவர் ஒரு நேரம் சொல்கிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்த நேரம் பெரும்பாலும் நியூயார்க்குக்கு வசதியாக இருக்கும். சேலத்துக்கு அது இரவாக இருக்கும்.

இது சரியல்ல என்பது என் கருத்து. ஏன் சரியல்ல என்பதையும், சரியான வழி எது என்பதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

அரை மணி எங்கிருந்து வந்தது?

மேலே சொன்ன மூன்று நேரங்களையும் மறுபடி பாருங்கள். சேலம் 6-40. லண்டன் 1-10. வித்தியாசம் ஐந்தரை மணி. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஐந்து மணி. ஆகவே சேலத்துக்கும் நியூயார்க்குக்கும் பத்தரை மணி.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் முழு மணி வித்தியாசம். நமக்கு மட்டும் ஏன் அரை மணி ஒட்டிக்கொண்டது?

பூமி 360 பாகை கொண்ட உருண்டை. அது 24 மணியில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி. லண்டனில் உள்ள கிரீன்விச்சிலிருந்து கிழக்கே எண்ணினால், இந்தியாவின் நேரக் கோடு எண்பத்திரண்டரை பாகையில் இருக்கிறது. அதைப் பதினைந்தால் வகுத்தால் ஐந்தரை வரும். முன்பு நம் பக்கத்தில் சென்னை நேரம் என்று தனியாக ஒன்று இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்த ஐந்தரை மணிக் கணக்கு வந்தது.

இந்த அரை மணியில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. படத்தில் லண்டன் 10 நிமிடம் என்று காட்டினால், நம் ஊர் 40 நிமிடம் என்று காட்ட வேண்டும். நம் ஊரும் 10 நிமிடம் என்றே காட்டினால் படத்தில் தவறு இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

என்ன தவறு? அதைக் கேட்டால் சிரிப்பு வரும்!

அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. ஆரிகன் என்ற மாநிலத்தின் தலைநகர் அது. கடிகாரத்தில் 'சேலம்' என்று தேடுகிறவருக்கு அந்தச் சேலம் வந்து நிற்கக்கூடும். குளிர்காலத்தில் அது நமக்குப் பதின்மூன்றரை மணி பின்னால் இருக்கும். நம் சேலத்துக்கு இந்தியாவின் நேரம்தான். ஆகவே கொல்கத்தா என்றோ சென்னை என்றோ இந்திய நகரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சரியாக இருக்கும்.

கடிகாரத்தைத் தள்ளும் நாடுகள்

ஊர் சரியாக இருந்தாலும் படம் ஏமாற்றும். காரணம், அது அந்த ஒரு நிமிடத்தின் படம் மட்டுமே. அடுத்த மாதத்தின் கதை அதில் இல்லை.

நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே நேரம். இங்கிலாந்தும் நியூயார்க்கும் அப்படியல்ல. அங்கே வசந்த காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். குளிர்காலம் நெருங்கும்போது திரும்பவும் பின்னே இழுப்பார்கள்.

ஏன் இந்த வேலை? லண்டனில் கோடைப் பகல் 16 மணிக்கு மேல் நீளும். குளிர்காலப் பகல் 8 மணிகூட இராது. கோடையில் விடியற்காலை வெளிச்சம் வீணாகாமல் மாலைக்குக் கிடைக்கட்டும் என்று கடிகாரத்தை நகர்த்துகிறார்கள். சேலத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி வித்தியாசம்கூட இல்லை. நமக்கு அந்தத் தேவை இல்லை.

நம் நாட்டிலும் இரண்டாவது உலகப் போரின்போது கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியிருந்தார்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை அது இருந்தது. பிறகு பழைய நேரத்துக்கே வந்துவிட்டோம்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? அமெரிக்காவும் இங்கிலாந்தும் ஒரே நாளில் கடிகாரத்தைத் தள்ளுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. இங்கிலாந்தில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. 2026-ஆம் ஆண்டில் அவை மார்ச் 8, மார்ச் 29. இடையில் மூன்று வாரம் இருவர் கணக்கும் ஒத்துப்போகாது.

ஆண்டின் இறுதியிலும் இதே கதை. இங்கிலாந்து அக்டோபர் கடைசி ஞாயிறன்று மாற்றும். அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறன்று மாற்றும். 2026-இல் அக்டோபர் 25, நவம்பர் 1. நடுவில் ஒரு வாரம் குழப்பம்.

படம் எப்போது பிடித்தது?

கையில் ஒரு படம் இருக்கிறது. யாரோ எப்போதோ அனுப்பியது. அதில் தேதி இல்லை. அதை நம்பலாமா?

படமே தன் வயதைச் சொல்லிவிடும். கழித்துப் பார்க்க வேண்டியதுதான்.

சேலத்துக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் இருந்தால், அது லண்டனின் குளிர்கால நேரத்தில் பிடித்த படம். நாலரை மணி இருந்தால் கோடைக்கால நேரத்தில் பிடித்த படம்.

அடுத்து லண்டனையும் நியூயார்க்கையும் கழித்துப் பாருங்கள். ஐந்து மணி வந்தால் இருவரும் ஒரே கணக்கில் இருக்கிறார்கள். நாலு மணி வந்தால், மேலே சொன்ன குழப்ப வாரங்களில் பிடித்த படம் அது. அதை வைத்து நேரம் குறித்தால் சில நாட்களில் தவறிவிடும்.

இந்த இரண்டு கழித்தலையும் செய்யாமல் எந்தப் படத்தையும் நம்ப வேண்டாம்.

மூன்று கோடுகள்

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம்.

ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். சேலம் ஆபீஸ் காலை 9-30 முதல் மாலை 6-30 வரை. லண்டன் ஆபீஸ் காலை 9 முதல் மாலை 5-30 வரை. நியூயார்க் ஆபீஸ் காலை 9 முதல் மாலை 5 வரை. எல்லாம் அவரவர் ஊர் நேரம்.

ஒரு காகிதத்தில் மூன்று கோடு போடுங்கள். எல்லாவற்றையும் சேலம் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். முதலில் குளிர்காலம்.

சேலம்: காலை 9-30 முதல் மாலை 6-30 வரை.

லண்டன்: ஐந்தரை மணி கூட்டுங்கள். பிற்பகல் 2-30 முதல் இரவு 11 வரை.

நியூயார்க்: பத்தரை மணி கூட்டுங்கள். இரவு 7-30 முதல் விடியற்காலை 3-30 வரை.

மூவரும் ஒன்றாக இருக்கும் நேரம் எது? அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. எல்லோரிலும் கடைசியாக வருபவர் எப்போது வருகிறார்? எல்லோரிலும் முதலில் புறப்படுபவர் எப்போது புறப்படுகிறார்? இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் பொது நேரம்.

கடைசியாக வருபவர் நியூயார்க்குக்காரர். இரவு 7-30. முதலில் புறப்படுபவர் சேலத்துக்காரர். மாலை 6-30. அவர் வருவதற்கு ஒரு மணி முன்பே இவர் போய்விடுகிறார்!

ஆகவே குளிர்காலத்தில் பொது நேரம் கிடையாது. கிடையாது என்பது மட்டுமல்ல, ஒரு மணி பள்ளமே விழுந்திருக்கிறது.

கோடையில் எப்படி? இரண்டு ஊர்களும் கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுவதால் அவர்கள் நமக்கு ஒரு மணி முன்னதாக வருவார்கள். லண்டன் பிற்பகல் 1-30 முதல் இரவு 10 வரை. நியூயார்க் மாலை 6-30 முதல் விடியற்காலை 2-30 வரை.

நியூயார்க்குக்காரர் 6-30-க்கு வந்து உட்காருகிறார். அதே 6-30-க்கு சேலத்துக்காரர் எழுந்து நிற்கிறார். வாசலில் பார்த்துக்கொள்ளலாம். பேச நேரமில்லை.

எத்தனை படம் பிடித்தாலும் இந்தக் குழுவுக்குப் பொது நேரம் கிடைக்காது. இல்லாத நேரத்தை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது? யாராவது விட்டுக்கொடுத்தால்தான் அது உண்டாகும்.

லாரிக்காரர் சொல்லும் பாடம்

விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. மூவரும் தினமும் ஒன்றாக உட்கார வேண்டுமா?

நாமக்கல்லுக்கு லாரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீண்ட தூரம் போகும் லாரியில் இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். வண்டியை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். பிரேக் எப்படி இருக்கிறது, எந்த டயரில் காற்றுக் குறைகிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார். முதலாளியும் கூடவே இருந்து கேட்க வேண்டும் என்பதில்லை.

நம் கணக்கிலும் அப்படித்தான். குளிர்காலத்தில் சேலமும் லண்டனும் ஒன்றாக இருக்கும் நேரம் பிற்பகல் 2-30 முதல் 6-30 வரை. முழுசாக நாலு மணி! கோடையில் ஐந்து மணி. லண்டனும் நியூயார்க்கும் ஒன்றாக இருக்கும் நேரம் எல்லாப் பருவத்திலும் மூன்றரை மணி.

லண்டன் நடுவில் நிற்கிறது. சேலம் செய்து முடித்ததை மாலை 6 மணிக்குள் லண்டனிடம் ஒப்படைக்கலாம். லண்டன் அதை நியூயார்க்கிடம் ஒப்படைக்கும். என்ன முடிந்தது, என்ன பாக்கி, எங்கே சந்தேகம் என்று மூன்று வரி எழுதி வைத்தால் போதும். தினசரி வேலை நடந்துவிடும்.

மூவரும் முகம் பார்த்துப் பேச வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அந்த அரை மணிக்குத்தான் இனி நேரம் தேட வேண்டும்.

பாரம் யார் தலையில்?

இப்போது நடைமுறையில் பல குழுக்கள் என்ன செய்கின்றன? நியூயார்க் நேரப்படி காலை 9-30 என்று கூட்டத்தைக் குறிக்கிறார்கள். கம்ப்யூட்டர் காலண்டரும் நியூயார்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கோடையில் அது சேலத்தில் இரவு 7 மணி. குளிர்காலத்தில் இரவு 8 மணி. அரை மணி பேசினால் 8-30.

இராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு வேலைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 8-30-க்கு முடித்து, பஸ் நிலையம் போய், பஸ் பிடித்து, இராசிபுரம் சேர இரவு 10 மணி ஆகிவிடும். அங்கிருந்து கிராமத்துக்குப் போக வேண்டுமானால் யாராவது வண்டியோடு வந்து காத்திருக்க வேண்டும். "ஏங்கண்ணு, நேத்து ஏழு மணின்னு சொன்னே, இன்னிக்கு எட்டு மணிங்கறே?" என்று தாய் கேட்பாள். என்ன பதில் சொல்வது? நியூயார்க்கில் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள் என்றா?

2019-இல் தமிழக அரசு கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று உத்தரவு போட்டது. அதிலேயே ஒரு நிபந்தனை வைத்தது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க வேண்டுமானால், அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். தகுந்த பாதுகாப்பும் தர வேண்டும். இரவு 8 மணி என்பது சாதாரண எல்லை அல்ல என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. ஒரு செல்போன் படத்தைப் பார்த்துவிட்டு அந்த எல்லையைத் தாண்டலாமா?

6-45 போதும்

நான் சொல்லும் வழி இதுதான். குளிர்காலத்தின் ஒரு மணிப் பள்ளத்தை இரண்டு பக்கமும் சரிபாதியாக நிரப்பட்டும்.

பள்ளம் சேலம் நேரப்படி 6-30 முதல் 7-30 வரை. அதன் நடு 7 மணி. 7 மணியை நடுவில் வைத்து அரை மணிக் கூட்டம் என்றால் 6-45 முதல் 7-15 வரை.

சேலத்துக்காரர் முக்கால் மணி கூடுதலாக இருக்கிறார். நியூயார்க்குக்காரர் 8-15-க்கு வருகிறார். அவருக்கும் முக்கால் மணிதான் கூடுதல். லண்டனில் பகல் 1-15. எடை சமமாக இருக்கிறது!

இந்தக் கூட்டத்தைச் சேலம் கடிகாரத்தில் கட்ட வேண்டும். காலண்டரில் பதியும்போது நேர மண்டலம் எது என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அங்கே இந்திய நேரத்தைக் குறிக்க வேண்டும். ஏன்? மூன்றில் நம் கடிகாரம்தான் அசையாத கடிகாரம். ஆடாத கம்பத்தில்தான் மாட்டைக் கட்ட வேண்டும்.

மார்ச் 8-இல் நியூயார்க் மாறினால், அவர்களுக்குக் கூட்டம் காலை 9-15 ஆகும். மார்ச் 29-இல் லண்டன் மாறினால், அவர்களுக்குப் பகல் 2-15 ஆகும். இரண்டும் அவர்களுடைய ஆபீஸ் நேரத்துக்குள்தான். கடிகாரத்தைத் தள்ளுகிறவர்களே அதன் விளைவையும் பார்த்துக்கொள்ளட்டும். சேலத்தில் ஆண்டு முழுவதும் 6-45. பஸ் நேரம் மாறாது. வீட்டில் சமையல் நேரம் மாறாது.

கோடையில் நியூயார்க்குக்குக் கூடுதல் நேரமே இல்லை. சேலம் மட்டும் முக்கால் மணி தருகிறது. அதற்கு ஈடாக அன்று காலை 10-15-க்கு வரலாம் என்று சேலத்துக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

"பணம் கொடுப்பவர் அவர்தானே?"

இப்படிச் சிலர் கேட்பார்கள். வேலை தருகிறவர் சொல்லும் நேரத்துக்குத்தானே போக வேண்டும் என்பார்கள்.

சில வேலைகளுக்கு அது பொருந்தும். அமெரிக்காவில் உள்ள வாடிக்கைக்காரரோடு டெலிபோனில் பேசும் வேலை என்றால் அமெரிக்கப் பகலில்தான் பேச முடியும். அது இரவு ஷிப்டு. அதை இரவு ஷிப்டு என்றே சொல்லி, அதற்குரிய படியும் வீடு வரை வண்டியும் கொடுக்க வேண்டும். பகலில் வந்து தூங்கவும் விட வேண்டும்.

நான் கேட்பது பகல் ஷிப்டுக்காரர்களுக்காக. காலையில் 9-30-க்கு வந்தவரை இரவு 8-30 வரை இருக்கச் சொன்னால், பகல் வேலையும் ஆயிற்று, இரவு வேலையும் ஆயிற்று. சம்பளம் மட்டும் பகலுக்குத்தான்! பணம் கொடுப்பவருக்கும் இதில் லாபம் இல்லை. பதினோரு மணி நேரம் கண்விழித்துக் கணக்குப் பார்த்தவர் கடைசி அரை மணியில் என்ன யோசனை சொல்லிவிடப் போகிறார்?

பல சமயம் அங்கே இருப்பவருக்கு இது தெரிவதே இல்லை. அவர் பார்ப்பது தம் கடிகாரத்தில் 9-30. இந்தப் பக்கத்தில் இருட்டிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அடுத்த முறை மூன்று கடிகாரப் படம் வந்தால், வெறுமனே தலையாட்ட வேண்டாம். இரண்டு கழித்தல் செய்யுங்கள். மூன்று கோடு போடுங்கள். குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று இரண்டு காகிதம். யார் எத்தனை நிமிடம் கூடுதலாகத் தருகிறார் என்று ஒவ்வொரு ஊர் பக்கத்திலும் எழுதுங்கள். அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து நியூயார்க்குக்கு அனுப்புங்கள்.

அவரும் கணக்குத் தெரிந்தவர்தான். பார்த்தால் புரிந்துகொள்வார்.